வேதாவின் இடது கை

அடாஜியோ என்றால் அறுபத்தாறு. என் போனில் இருந்த மெட்ரோநோம் ஆப் அப்படித்தான் சொன்னது. திரையில் ஒரு வட்டம் இருக்கும். விரலால் திருப்பினால் நிமிஷத்துக்கு எத்தனை தட்டு என்ற எண் மாறும், எண்ணுக்குக் கீழே இத்தாலிய வார்த்தையும் மாறும். மெதுவான அடாஜியோ, நடுவில் அந்தாந்தே, வேகமான அலெக்ரோ. சொல்லித்தர ஆள் இல்லாதவளுக்கு எண் பெரிய ஆறுதல். வார்த்தை என்றால் யாராவது வந்து "உனக்குப் புரியல" என்று சொல்லலாம். அறுபத்தாறைப் பார்த்து யார் என்ன சொல்ல முடியும்?

நான் வாசிப்பது வெள்ளிப் புல்லாங்குழல், சாவிகள் வைத்தது. சித்தூரில் ஒரு சர்ச் பள்ளி ஹாஸ்டலில் படித்தபோது பேண்டில் சேர்த்துவிட்டார்கள். பேண்டு மிஸ் கல்யாணமாகிப் போனதும் மிச்சத்தை யூடியூபில் கற்றேன். பி.காம் முடித்தேன். எங்கள் வீட்டில் டிகிரி வாங்கிய முதல் ஆள் நான்தான். அதைச் சொன்னால் எல்லாரும் கைதட்டுவார்கள், அடுத்த நிமிஷமே யாருடைய சிபாரிசு என்று கேட்பார்கள்.

சத்தியவேட்டில் ஒரு தனியார் பள்ளியில் இசை டீச்சராக இருந்தேன். தற்காலிகம். ஸ்ரீசிட்டி கம்பெனிகளில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள் நிறையப் பேர் அங்கே படித்தார்கள். கரஸ்பாண்டெண்ட் என்னைக் கூப்பிட்டு நேராகச் சொல்லிவிட்டார். "கன்னிகா, பிள்ளைங்களுக்கு உன்னைப் பிடிச்சிருக்கு. ஆனா பேரண்ட்ஸ் சர்ட்டிபிகேட் கேக்கறாங்க. வெஸ்டர்ன் மியூசிக் பரீட்சைல எட்டாம் கிரேடு பாஸ் பண்ணிட்டு வா, பர்மனெண்ட் பண்றேன். இல்லன்னா ஜூன்ல மெட்ராஸ்லருந்து ஆள் வருது."

தேர்வுக்கு நான் எடுத்தது ஒரு பழைய சொனாட்டா. முதல் பகுதியின் தலையில் அடாஜியோ, இரண்டாவதன் தலையில் அலெக்ரோ. பேண்டு மிஸ் விட்டுப்போன ஜெராக்ஸ்தான் என்னிடம் இருந்தது. அதுவும் ஜெராக்ஸின் ஜெராக்ஸ். எந்தக் கடை மிஷினோ, பக்கம் முழுக்க மேலிருந்து கீழே கறுப்புக் கீறல்கள். சுரப் புள்ளிகளான நோட்டுகளைப் படிக்க முடியாமல் கண் எரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, குண்டூசி முனையில் ஒயிட்னர் தொட்டு, கீறல் கீறலாக அழித்தேன். ஒரு நோட்டின் மேலும் படவில்லை. அந்தச் சுத்தத்தைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது.

அடாஜியோவில் ஓர் இடம் உண்டு. நான்கு பார்களுக்கு, தாளத்தின் நான்கு கட்டங்களுக்கு, ஒரே வளைவுக் கோடு. அதாவது நடுவில் மூச்சு எடுக்காமல் ஒரே இழுப்பில் வாசிக்க வேண்டும். அறுபத்தாறில் அது என்னைக் கொன்றது. மூன்றாவது பார் முடியும்போதே கண் இருட்டும். நாலாவது பாரில் சுரம் செத்துப்போகும். காலையில் மைதானத்தைச் சுற்றி ஓடினேன். பலூன் ஊதினேன். ஒன்றும் ஆகவில்லை.

எனக்கு வந்தது சோகம் இல்லை, கோபம். இந்த இசையை எழுதினவன் நல்லாச் சாப்பிட்டு வளர்ந்த நெஞ்சுகளுக்காக எழுதியிருக்கிறான் என்று நினைத்தேன். ஊர் ஊராகச் செங்கல் சூளையில் புகை குடித்தவளின் வயிற்றில் பிறந்தால் மூச்சு இவ்வளவுதான் என்று நினைத்தேன். அம்மா போய் ஏழு வருஷம் ஆகிறது. அவளையும் இந்தக் கணக்கில் இழுத்துவிட்டேன்.

பிச்சாட்டூரில் வீட்டுக்குப் பின்னால் நின்று வாசிப்பேன். நைனா ஏரியிலிருந்து வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வருவார். அவர் பெயர் மாசிலாமணி. ஆரணியாற்று அணையில் மீன் பிடிக்கிறவர்.

"இன்னாம்மா, நான் போறப்போ ஆரம்பிச்ச பாட்டு இன்னுமா நடந்துகினு இருக்குது?"

"இது அடாஜியோ நைனா. மெதுவாதான் வாசிக்கணும்."

"மெதுவான்னா ஒரு அளவு இல்லியா? பொணம் தூக்கினு போறவன்கூட இத்தினி மெதுவாப் போவ மாட்டான். போய்ச் சேரணும்ல?"

"நீ போய் மீன கழுவு."

சிரித்துக்கொண்டே போய்விட்டார். அவருக்கு என்ன தெரியும் என்று மறுபடி அறுபத்தாறைத் தட்டவிட்டேன்.

பியானோ துணை இல்லாமல் தேர்வில் வாசிக்க முடியாது. கூட வாசிக்க ஓர் ஆளை நாமே கூட்டிப்போக வேண்டும். சித்தூர் சர்ச்சில் கீபோர்டு வாசிக்கிற யோகேஷ் வருவதாகச் சொல்லியிருந்தான். தேர்வுக்கு மூன்று நாள் இருக்கும்போது போன் பண்ணினான்.

"கன்னி, கம்பெனில ஷிஃப்ட் மாத்திட்டாங்க. வர முடியாது."

"செத்துப்போடா."

"இரு, திட்டாத. திருப்பதில ஒரு மேடம் இருக்காங்க. அலிபிரி பக்கத்துல, அபார்ட்மெண்ட்ல பியானோ கிளாஸ் எடுக்கறாங்க. பேசிட்டேன். நாளைக்கே வரச் சொன்னாங்க. பேரு வேதா."

"யாரு அவங்க?"

"கோயில்ல பாராயணம் பண்ற குடும்பம். மாமனார் திருமலைல சேவை."

"நான் அந்த வீட்டுக்குள்ள போகணுமா?"

"போய்ப் பாரு. கடிக்க மாட்டாங்க."

மறுநாள் காலை பஸ் ஏறினேன். அபார்ட்மெண்ட் வாசலில் பெரிய கோலம், நிலைக்கு மேலே சங்கு சக்கரம். கதவைத் திறந்தவளுக்கு முப்பது வயதுக்கு மேல் சொல்ல முடியாது. ஈரத் தலையில் துண்டு, கையில் பென்சில்.

"கன்னிகாதானே? வாங்கோ வாங்கோ. வெயில்ல வந்திருக்கேள், முதல்ல தீர்த்தம் குடிங்கோ."

எந்த டம்ளரில் தருகிறாள் என்று பார்த்தேன். ஆமாம், பார்த்தேன். இப்படிப் பார்க்கப் பழகியது என் தப்பு இல்லை. அடுக்கில் இருந்த வெள்ளி விளிம்பு டம்ளர் இரண்டை எடுத்து ஒன்றில் எனக்கு ஊற்றினாள், மற்றதில் தானும் குடித்தாள். சண்டைக்குத் தயாராக வந்த எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

கூடத்தில் சுவரோரம் பியானோ. உள்ளறையில் வயசான குரல் ஏதோ ஓதிக்கொண்டிருந்தது. "மாமனார். இன்னும் பத்து நிமிஷத்துல முடிஞ்சுடும். அப்புறம் நம்ம கச்சேரி" என்றாள். ஓதல் நின்றதும் பியானோவைத் திறந்தாள்.

அடாஜியோவில் பியானோதான் முதலில் தொடங்கும். இரண்டு பார் அது தனியாக வாசிக்கும், பிறகு நான் சேர வேண்டும். வேதா கையை வைத்தாள். நான் குழலை உதட்டுக்குக் கொண்டுபோவதற்குள் என் இடம் வந்து தாண்டிப் போய்விட்டது.

"மேடம், நிறுத்துங்க. இது அடாஜியோ."

"ஆமாம், அடாஜியோதான்."

"நீங்க வாசிச்சது அடாஜியோ இல்ல. ஓடறீங்க. அடாஜியோன்னா அறுபத்தாறு." போனை எடுத்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன். டொக், டொக், டொக்.

அவள் போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அறுபத்தாறு என்ன?"

"அறுபத்தாறு தட்டு."

"தட்டு சரி. ஒரு தட்டுக்கு எந்த நோட்டு?"

"கால் நோட்டு. பாருக்கு நாலு. எல்லாருக்கும் தெரியுமே."

குரல் உயர்ந்துவிட்டது எனக்கே கேட்டது. அவள் உடனே பாடம் எடுக்க ஆரம்பிப்பாள் என்று காத்திருந்தேன். அதற்குப் பதிலும் வைத்திருந்தேன். அவள் பாடம் எடுக்கவில்லை.

"சரி. நீங்கதானே சோலோ? உங்க வேகத்துக்கே நான் வரேன். வாசிக்கலாம்."

வாசித்தோம். என் அறுபத்தாறில், ஒவ்வொரு தட்டுக்கும் ஒழுங்காக, கேலியில்லாமல் கூடவே வந்தாள். அந்த நான்கு பார் வந்தது. மூன்றாவதில் கண் இருட்டியது. நாலாவதில் சுரம் செத்தது. பியானோவும் அங்கேயே நின்றது.

"எனக்கு மூச்சு பத்தாது" என்றேன். அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். "எங்க ஆளுங்களுக்கு அவ்ளோதான் போல."

"யார் சொன்னா அப்படி? ஜலதோஷக்காரி நான், ரெண்டு மாடி ஏறினா மூச்சு இரைக்கறது" என்றாள். "இங்க வாங்கோ. என் பக்கம் நின்னு என் ஸ்கோரைப் பாருங்கோ. இடது கை வரியை மட்டும்."

அதுவரை நான் பியானோ ஸ்கோரைப் பார்த்ததே இல்லை. என்னிடம் இருந்தது குழலின் வரி மட்டும்தானே. அவளிடம் அச்சுப் புத்தகம் இருந்தது. மேலே சின்ன எழுத்தில் என் வரி, கீழே அவளுடைய இரண்டு கைகள். என் வரியில் கால் நோட்டும் அதற்குச் சின்னதுமாக மொய்த்துக்கிடந்தன. கீழே இடது கையில் ஒரு பாருக்கு இரண்டே நோட்டு. அரை நோட்டு, அரை நோட்டு, கால் நோட்டைப் போல இரட்டை நீளம். பக்கம் முழுக்க அப்படித்தான்.

"அதை மட்டும் வாசிக்கறேன். நீங்க கூடவே நடங்கோ. நிஜமா, கூடத்துல நடங்கோ."

எனக்குக் கோமாளித்தனமாக இருந்தது. ஆனாலும் நடந்தேன். முதலில் என் அறுபத்தாறில் வாசித்தாள். ஒரு காலை வைத்தால் அடுத்த நோட்டு வருவதற்குள் மற்றக் கால் காற்றில் தொங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டேன். நைனா சொன்ன பிணம் தூக்குகிறவன் நினைவுக்கு வந்தான். பிறகு அவள் தன் வேகத்தில் வாசித்தாள். கால் தானாகத் தரையைத் தொட்டது. நிதானமான, பெரிய நடை. மலைப்படி இறங்கிவருகிறவர்கள் கடைசிப் படிகளில் நடக்கிற மாதிரி. ஓட்டமே இல்லை.

"இதுவும் மெதுவாதான் இருக்கு" என்றேன்.

"அடாஜியோன்னா மெதுவாதானே. ஆனா எது மெதுவா நடக்கறதுன்னு பாக்கணும். இங்க நடக்கறது அரை நோட்டு. உங்க கால் நோட்டு அதோட இடுப்புல உக்காந்துண்டு வர குழந்தை."

குனிந்து வரியின் தொடக்கத்தைப் பார்த்தேன். தாளக் குறி இருக்கும் இடத்தில் ஆங்கில எழுத்து சி மாதிரி ஒன்று. அதன் நடுவே மேலிருந்து கீழே ஒரு சின்னக் கோடு. கோடு இல்லாவிட்டால் பாருக்கு நாலு தட்டு, கால் நோட்டுக்கு ஒன்று. கோடு இருந்தால் இரண்டு தட்டு, அரை நோட்டுக்கு ஒன்று. இது எனக்குத் தெரியும். தேர்வுப் புத்தகத்தில் படித்து மனப்பாடம் பண்ணியிருக்கிறேன்.

பையிலிருந்து என் ஜெராக்ஸை எடுத்தேன். சி இருந்தது. கோடு இல்லை. கோடு இருந்த இடத்தில், கொஞ்சமும் பிசகாமல், என் ஒயிட்னர்.

வேதா அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "கீறல்னு நினைச்சு அழிச்சுட்டேளா? என்ன நறுவிசா அழிச்சிருக்கேள்! ஒரு நோட்டு மேலகூடப் படலையே!"

யார் சிரித்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அன்றைக்கு ஏனோ எனக்கும் சிரிப்பு வந்தது. உள்ளறையிலிருந்து மாமனார், "என்னம்மா சத்தம்?" என்று கேட்டார். "ஒண்ணுமில்லைப்பா, ஒரு கோடு காணாமப் போயிடுத்து, கண்டுபிடிச்சுட்டோம்" என்றாள்.

மறுபடி வாசித்தோம். அவள் இடது கை இரண்டு இரண்டாக நடந்தது, நான் மேலே போனேன். நான்கு பார் வந்தது, போனது. முடிந்த பிறகும் நெஞ்சில் காற்று மிச்சம் இருந்தது. குழலை இறக்கிவிட்டு நின்றேன். என் மூச்சில் குறையே இல்லை. அம்மா மேல் போட்ட பழியை மனசுக்குள் எடுத்தேன்.

"இந்தப் புத்தகத்தை நீங்களே வெச்சுக்கோங்கோ. உள்ள குழலோட பாகம் தனியா இருக்கு. எக்ஸாம்ல அச்சுப் புத்தகம்தான் செல்லும், ஜெராக்ஸைப் பார்த்தா எக்ஸாமினர் உள்ளேயே விட மாட்டார்."

அதுவும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அலெக்ரோவில் வேறு தகராறு. அங்கே சி-யில் கோடு கிடையாது, பாருக்கு நாலு தட்டுதான். ஆப்பில் அலெக்ரோ நூற்றிருபதில் தொடங்கும். நான் நூற்று முப்பத்திரண்டு வைத்திருந்தேன். குறைத்தால் பயந்துவிட்டாள் என்று நினைப்பார்களே. நடுவில் தட்டுக்கு நாலு என்று பதினாறாம் நோட்டுகளாகக் கொட்டுகிற ஒரு வரி உண்டு. அதில் எனக்குப் பாதி நோட்டுதான் விழும், மீதி புகையாகப் போகும்.

"முதல் வரியைப் பார்த்து வேகத்தை முடிவு பண்ணாதீங்கோ" என்றாள் வேதா. "இந்தக் கொட்டற வரியை எந்த வேகத்துல ஒவ்வொரு நோட்டும் கேக்கற மாதிரி வாசிப்பேள்? அங்க வாசியுங்கோ. அதுதான் உங்க அலெக்ரோ."

வாசித்தேன். ஆப்பில் தட்டிப் பார்த்தால் நூற்றுப் பன்னிரண்டு வந்தது. "ஆப்ல இது அலெக்ரோவே இல்ல மேடம்."

"இந்த ஸ்கோர்ல எங்கயாவது நம்பர் போட்டிருக்கா? பாருங்கோ. வார்த்தைதான் இருக்கு. அந்தக் காலத்துல எழுதினவர் வார்த்தையை எழுதிட்டு, மீதி உங்களுக்குத் தெரியும்னு விட்டுட்டார். இத்தாலியில அலெக்ரோன்னா உற்சாகமா இருக்கறது. நாய் துரத்தறாப்ல ஓடிண்டு யார் உற்சாகமா இருப்பா?"

மறுநாளும் போனேன். ஆப்பைத் திறக்கவில்லை. கொட்டுகிற வரியை முதலில் மனசுக்குள் பாடி, அந்த வேகத்தைப் பிடித்துக்கொண்டு முதல் வரிக்குத் திரும்பப் பழகினேன்.

தேர்வு திருப்பதியில் ஒரு ஓட்டல் மாடியில். மேஜைக்குப் பின்னால் எக்ஸாமினர், பேனாவும் காகிதமும். ஆரோகணம் அவரோகணம் மாதிரியான ஸ்கேல்கள் முடிந்தன. வேதா பட்டுப் புடவையில் பியானோ முன்னால் உட்கார்ந்தாள். "என் கை இருக்கு, நடங்கோ" என்று உதட்டை அசைத்தாள்.

அடாஜியோ நடந்தது. நான்கு பாரும் ஒரே மூச்சில் போயிற்று. எக்ஸாமினர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

அந்தச் சந்தோஷத்தில்தான் கெட்டேன். அலெக்ரோவை நான்தான் தொடங்க வேண்டும். ஒரே ஒரு தனி நோட்டு, அதன் பிறகு பியானோ என்னோடு சேரும். வேகம் முழுக்க என் கையில். கொட்டுகிற வரியை மனசுக்குள் பாடாமலேயே, நெஞ்சு படபடத்த வேகத்தில் எடுத்துவிட்டேன். ஒரு பாரிலேயே தெரிந்துவிட்டது. நூற்று முப்பத்திரண்டு. அதற்கும் மேலேகூட இருக்கலாம். திரும்ப முடியாது. கொட்டுகிற வரி அடுத்த பக்கத்தில் காத்திருந்தது. அங்கே புகையாகும். ஜூனில் மெட்ராஸிலிருந்து ஆள் வரும்.

வேதா என்னைப் பிடித்து இழுக்கவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். நான் வைத்த வேகத்தில், என்னோடு ஒட்டி, அதுதான் நாங்கள் பேசிவைத்தது என்கிற மாதிரி வாசித்தாள். அவள் அங்கே மெதுவாக்கியிருந்தால் நாங்கள் இரண்டு பேரும் இரண்டு இடத்தில் இருந்திருப்போம். அது எக்ஸாமினருக்குக் கேட்டிருக்கும்.

கொட்டுகிற வரிக்கு முன்னால் பியானோவுக்கு மட்டும் எட்டு பார். எனக்கு ஓய்வு. குழலை இறக்கிப் பார்களை எண்ணினேன். முதல் பார் என் வேகத்திலேயே போனது. இரண்டாவதில் அவள் இடது கை கொஞ்சம் அழுத்தமாக விழுந்தது. மூன்றாவதில் இன்னும் கொஞ்சம். ஒவ்வொரு தட்டுக்கும் நடுவில் மயிரிழை அளவு இடம் கூடியது. எந்த இடத்தில் குறைந்தது என்று யாராலும் விரல் வைக்க முடியாது. எட்டாவது பார் வந்தபோது நாங்கள் இருந்தது அவள் வீட்டுக் கூடத்தில் பழகிய வேகம். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. இடது கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூச்சு எடுத்தேன். கொட்டுகிற வரியில் ஒரு நோட்டும் விழாமல் போகவில்லை.

ரிசல்ட் மெயிலில் வந்தது. பாஸ். நல்ல மார்க்கும்கூட. எக்ஸாமினர் இரண்டு வரி எழுதியிருந்தார்: வேகங்களை நன்றாகத் தேர்ந்திருக்கிறீர்கள், அலெக்ரோ தன் நிதானத்தைக் கண்டுகொண்ட விதம் அழகு. படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. கண்டுகொண்டது நானா? கூட வாசித்தவருக்கு அந்த மார்க் படிவத்தில் ஒரு வரிகூட இல்லை. அப்படி எழுத இடமே விடவில்லை.

கரஸ்பாண்டெண்ட் ஆர்டர் கொடுத்தார். வீட்டுக்குப் போய் நைனாவிடம் சொன்னேன். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தம்மாவுக்கு இன்னா குடுக்கப்போற?" என்றார்.

"தெரியல. நீயே சொல்லு."

"நல்ல விரால் இருக்குது. ஆனா அய்யங்கார் வூட்டுக்கு மீன் எடுத்துகினு போனா தொரத்திக்கினு வருவாங்க." யோசித்தார். "மாங்கா எடுத்துகினு போ. கனிஞ்சதாப் பாத்து நான் பொறுக்கித் தரேன்."

பை நிறைய மாம்பழத்தோடு அலிபிரி போனேன். வேதா கதவைத் திறந்து, பழத்தை மோந்து பார்த்து, "ஐயோ, பெருமாளுக்கு வெச்சுட்டுத்தான் தொடணும், அதுவரைக்கும் எப்படிப் பொறுக்கறது" என்றாள். நான் வாசலிலேயே நின்று கேட்டேன்.

"அக்கா, அன்னைக்கு நான் கண்ணு மண்ணு தெரியாம ஓடிட்டேன். உங்களுக்குத் தெரிஞ்சுதுல்ல? ஏன் என்னை நிறுத்தல?"

"ரோட்ல மிரண்டு ஓடற மாட்டை எதிர்ல நின்னா நிறுத்துவா? கூடவே ஓடணும். அதுக்கு நம்ம மேல நம்பிக்கை வந்தப்புறம் மெதுவாக் கழுத்துல கையை வைக்கணும்."

"என்னை மாடுன்றீங்க."

"நல்ல மாடு" என்றாள். "கை வெச்சதும் புரிஞ்சுண்டுதே."

எனக்கு நன்றி சொல்லத் தெரியாது. எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை. வெளியில் சொன்ன இடங்களிலெல்லாம் அதைக் கும்பிடாக எடுத்துக்கொண்டார்கள். அதனால் அந்த வார்த்தையே எனக்குப் பிடிக்காமல் போயிருந்தது. அன்றைக்கு வாசற்படியில் நின்று, "ரொம்ப நன்றிக்கா" என்று சொன்னேன். கழுத்து குனியவில்லை. அவளும் அதைக் கும்பிடாக எடுக்கவில்லை. "உள்ள வா, குழல் கொண்டுவந்திருக்கியா?" என்றாள்.

கொண்டுவந்திருந்தேன்.

"அலெக்ரோ வாசிக்கலாம். நீதான் ஆரம்பிக்கணும்."

அவள் கையைச் சாவிகள் மேல் வைத்துக் காத்திருந்தாள். நான் குழலை உதட்டுக்குக் கொண்டுபோய், கொட்டுகிற வரியை மனசுக்குள் ஒரு முறை முழுசாகப் பாடினேன். அப்புறம்தான் மூச்சு எடுத்தேன்.